6 வருட ஃப்ரிட்ஜுக்கு என்ன விலை சொல்வது?

"260 லிட்டர் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜை விற்க வேண்டும். வாங்கி 6 வருடம் ஆகிறது. போன வருடம் ஒரு முறை கேஸ் நிரப்பினோம், இப்போது நன்றாக ஓடுகிறது. என்ன விலை சொல்லலாம்? கேஸ் நிரப்பியதைச் சொல்ல வேண்டுமா?"

சொல்லுங்கள். பழைய ஃப்ரிட்ஜ்களைச் சரிபார்த்து விற்பதுதான் என் வேலை. உங்கள் விலை ஏறுவதும் இறங்குவதும் அந்த கேஸ் விஷயத்தில்தான் இருக்கிறது.

முதலில் அடிப்படை விலை. நீங்கள் அன்று கொடுத்த தொகையை மறந்துவிடுங்கள். இன்று அதே லிட்டர், அதே வகைப் புது ஃப்ரிட்ஜ் என்ன விலையோ அதை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்திலேயே அது 70-க்கு வந்துவிடும். அதன் பிறகு வருடத்துக்கு 7 வீதம் குறைப்பது என் வழக்கம். 6 வருடம் என்றால் 35. வயதை பில் தேதியில் பார்ப்பதோடு, ஸ்டிக்கரில் இருக்கும் தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். வாங்குபவர் அதைத்தான் பார்ப்பார்.

பிராண்டுக்குப் பலர் நினைக்கும் அளவு மதிப்பு இல்லை. உதிரி பாகம் கிடைக்கிறதா, சர்வீஸுக்கு ஆள் வருகிறாரா என்பதுதான் கேள்வி. வருகிறார் என்றால் 35 அப்படியே நிற்கும். அந்த நிறுவனம் சர்வீஸை நிறுத்திவிட்டது என்றால் 5 முதல் 10 வரை குறையுங்கள்.

இப்போது கேஸ். ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். எனவே குறைந்தது என்றால் எங்கோ கசிந்தது. விவரம் தெரிந்த வாங்குபவர் உடனே கேட்பது, "லீக் எங்கே இருந்தது?" என்றுதான். பின்பக்கம் கம்ப்ரசர் அருகே ஒரு இணைப்பில் கசிந்து, அதைப் பற்றவைத்து, ஃபில்டர் ட்ரையரை மாற்றி, வேக்குவம் போட்டு, அளவாக கேஸ் ஏற்றியிருந்தால் அது முழுமையான வேலை. பில்லில் இவை எழுதியிருந்தால் 3 குறைத்தால் போதும். ஒரு வருடம் தாங்கியதே பாதிச் சாட்சி.

லீக்கைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றியிருந்தால் நிலைமை வேறு. சுவருக்குள் நுரைக் காப்புக்குள் புதைந்த குழாயில் கசிவு இருந்தால் அதைத் திறந்து சரிசெய்வது பெரும்பாலும் கட்டுப்படியாகாது, கேஸ் மறுபடியும் இறங்கும். பில் இல்லை, என்ன செய்தார்கள் என்றும் தெரியாது என்றால் 10 குறையுங்கள். அந்த மெக்கானிக்கின் எண் இருந்தால் போன் செய்து கேட்டு, என்ன செய்தார் என்று எழுதி வாங்கிவிடுங்கள். அந்த ஒரு துண்டுச் சீட்டு 5-க்கு மேல் பெறும்.

அடுத்தது, ஓடுகிறது என்பதற்கான சாட்சி. வாங்க வருபவர் வந்து போகும்வரை பிளக்கை எடுக்காதீர்கள். துடைத்து, அணைத்து, மூலையில் நிறுத்திய ஃப்ரிட்ஜில் பல்பு எரிவதை மட்டும்தான் காட்ட முடியும். குளிர்ச்சியைக் காட்டப் பல மணி நேரம் வேண்டும். அதனால் அவர் அதைப் பழுதான பொருள் என்றே கணக்குப் போடுவார், 35 பாதியாகிவிடும்.

முதல் நாள் இரவே கீழ்த்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரும் அதற்குள் ஒரு தெர்மாமீட்டரும் வையுங்கள். கதவைத் திறந்தால் காற்றின் வெப்பம் உடனே மாறும், தண்ணீர் மாறாது. காலையில் அது 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் மைனஸ் 18 அளவில் இருக்க வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 10-லேயே நின்று, கம்ப்ரசரும் ஓயாமல் ஓடினால் கேஸ் மறுபடி இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். (இன்வெர்ட்டர் கம்ப்ரசர் இயல்பாகவே நீண்ட நேரம் ஓடும், அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.) ஃப்ரீசர் நன்றாக இருந்து கீழே மட்டும் சூடாக இருந்தால், பெரும்பாலும் பின்பலகைக்குள் பனி அடைத்திருக்கும். அது டிஃப்ராஸ்ட் கோளாறு, கேஸ் அல்ல. செலவும் குறைவு, எனவே விற்கும் முன் சரிசெய்துவிடலாம்.

சரி, உங்கள் கணக்கு. சர்வீஸ் உள்ள பிராண்ட், பில் இருக்கிறது, தெர்மாமீட்டரும் சரியாகக் காட்டுகிறது என்றால் 35-ல் 3 போக 32. 36 என்று சொல்லி ஆரம்பியுங்கள், 30-க்குக் கீழே இறங்காதீர்கள். பில் இல்லை என்றால் 25, அதிலும் கொஞ்சம் பேரம் இருக்கும். புது ஃப்ரிட்ஜ் வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு என்ன தருவார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் அதைவிடக் குறைவாகக் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.