பில் புக் ஆர்டர்: அச்சகத்துக்காரர் எதைக் கேட்கணும், எதைக் கேட்காமலே செய்யலாம்?

"100 பேஜ் பில் புக், 10 புக், போன தடவை மாதிரியே"ன்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. ஹார்டுவேர் கடை. பழைய பில் ஒரே ஒரு தாள்தான் கையில இருக்கு. வேலையை ஆரம்பிச்சிடலாமா?

கம்போசிங்கை இப்போதே ஆரம்பியுங்கள். பிழை வந்தாலும் கம்ப்யூட்டரிலேயே திருத்திவிடலாம். நம்பர் அடித்து பைண்டிங் ஆனபிறகுதான் திரும்ப வழியில்லை. அதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

"100 பேஜ்" என்றால் சிலருக்கு 50 பில், இரண்டு காப்பி, ஆக 100 தாள். சிலருக்கு 100 பில், அதாவது 200 தாள். பத்து புக்குக்கு 1000 தாளா 2000 தாளா என்பதே மாறிவிடும். பழைய புக் முழுதாக இருந்தால் ஒரே நம்பரில் எத்தனை தாள், மொத்தம் எத்தனை பில் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், கேட்கவே வேண்டாம். ஒற்றைத் தாள் அதைச் சொல்லாது. சரக்கு விற்கும் கடைக்கு ஜிஎஸ்டி விதிப்படி மூன்று காப்பி என்பதால் 50×3 ஆகவும் இருக்கலாம்.

இரண்டாவது, நம்பர். "போன தடவை மாதிரி" என்பது நம்பருக்குப் பொருந்தவே பொருந்தாது.

இப்படி அனுப்புங்கள்: "அண்ணே, ஒரு புக்குல 50 பில்லா, 100 பில்லா? ஒரு பில்லுக்கு எத்தனை காப்பி? கடையில எழுதாம இருக்கிற கடைசி புக்கோட கடைசித் தாளை போட்டோ எடுத்து அனுப்புங்க." ஓடிக்கொண்டிருக்கும் புக்கை போட்டோ எடுத்தால், அலமாரியில் இருக்கும் புக்கின் நம்பரே மறுபடி அச்சாகும். "எத்தனை பேஜ்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அதான் 100ன்னு சொன்னேனே" என்று பதில் வரும்.

எல்லாத்தையும் எழுத்துல கேட்டு வாங்கிட்டா தகராறே வராதுங்க. நான் 12 கேள்வி அனுப்புவேன். ஆனா "சரி"ன்னு மட்டும்தான் பதில் வருது.

எழுத்தில் வாங்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் "50 பில்லா, 100 பில்லா?" என்பதற்கு "சரி" பதிலாகாது. பன்னிரண்டில் பத்து, தாளின் நிறம், கிழிக்கும் துளை எந்தப் பக்கம் என்கிற மாதிரி இருக்கும். அவற்றைப் பழைய பில்படி நீங்களே முடிவு செய்து, "இப்படி வைத்திருக்கிறேன், மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்" என்று ப்ரூஃபோடு அனுப்பினால் போதும். கேள்விக்குறி இரண்டு மூன்றுக்கு மட்டும்.

பழைய பில்லுல ஜிஎஸ்டி நம்பர் மங்கிப் போச்சு. ஒரு இடத்துல O-வா 0-வான்னு தெரியல. இதுக்கும் கேக்கணுமா?

எத்தனையாவது இடம் என்று எண்ணுங்கள். மொத்தம் 15. முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் நம்பர்: ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து. ஆகவே 3 முதல் 7 வரை என்றால் O, 8 முதல் 11 வரை என்றால் 0. கேட்காமலே போடலாம். கடைசி இடத்தில் எழுத்தும் வரலாம், எண்ணும் வரலாம். அங்கே சந்தேகமென்றால் கேட்டே ஆகவேண்டும்.

ஏப்ரல்ல நம்பரை 1-லேர்ந்து ஆரம்பிக்கலாமா? எங்க கடைக்கு அடிக்கணும்.

இந்தக் கேள்வி-பதில் அச்சகத்துக்காரர்களுக்கானது, நீங்கள் கடைக்காரர், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு நிதியாண்டுக்குள் ஒரு நம்பர் ஒரு முறைதான் வரலாம், அதனால் ஏப்ரலில் 1 போடலாம். முன்னெழுத்தோடு சேர்த்து 16 எழுத்தைத் தாண்டக்கூடாது. அச்சகத்தாருக்கும் இதில் சேதி உண்டு: மார்ச்சில் ஆர்டர் வந்தால் "தொடர்ச்சியா, புது வருஷத்துக்கா?" என்று கேளுங்கள்.

ப்ரூஃப்ல ஓகே வாங்கினா நம்ம பொறுப்பு முடிஞ்சதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நம்பர் தனியா மிஷின்ல ஏறுறது. ப்ரூஃப்ல அந்த இடம் காலியாத்தானே இருக்கும்?

சரியாகப் பிடித்தீர்கள். கடைக்காரர் கண் கடைப் பெயர், போன் நம்பர் இரண்டிலும்தான் நிற்கும். ப்ரூஃபுக்குக் கீழே, கட்டத்துக்கு வெளியே, "நம்பர் 501 முதல் 1000 வரை, 50×2, 10 புக்" என்று பெரிதாக எழுதிவிடுங்கள். அந்த ஓகேதான் ஓகே.

ரெண்டு நாளா பதிலே இல்ல, போனும் எடுக்கல. வெள்ளிக்கிழமை டெலிவரி.

"100 பேஜ், 10 புக்" என்பதை எந்த அர்த்தத்தில் எடுத்தாலும் வெள்ளைத் தாளில் 500, இரண்டாம் காப்பிக்கு 500 தேவைப்படும். ப்ரூஃபின் எழுத்துக்கு ஓகே வந்திருந்தால் அந்த அளவு நம்பர் இல்லாமல் ஓட்டலாம். நம்பரும் பைண்டிங்கும் பதில் வந்தபிறகுதான்.

(முன்பு ப்ரூஃப் பற்றிக் கேட்டவர்) அப்புறம் 100 பில்னு சொன்னா திரும்ப மிஷின் ஏத்தணும். அந்தக் கூலி யார் தலையில?

சிறிய ஆர்டரில் அந்தக் கூலி லாபத்தைத் தின்றுவிடும், மறுக்கவில்லை. மிஷின் வேறு வேலையில் இருந்தால் காத்திருப்பதே மேல். சும்மா நின்றால் நான் 500 ஓட்டிவிடுவேன். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.