மாதவிடாய் கப் வாங்கினால் போட்ட காசு எப்போது திரும்பும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பீரியட்ஸ் செலவைப் பற்றித்தான். சரி, கணக்கே போட்டுவிடலாம்.

"600 ரூபாய் கப் 10 வருஷம் வரும், அப்படியென்றால் வருஷத்துக்கு 60 ரூபாய்தான் என்கிறாள் தோழி. எனக்கு ஒரு முறைக்கு 19 பேட் ஆகிறது, 30 பேட் உள்ள பாக்கெட் 240 ரூபாய். நிஜமாகவே அவ்வளவு மிச்சமா?" (துரைப்பாக்கம்)

மிச்சம் உண்டு, ஆனால் 60 ரூபாய்க் கணக்கு சரியில்லை. முதலில் பேட் பக்கம் பார்ப்போம். உங்களுக்கு ஒரு பேட் 8 ரூபாய், 19 பேட் 152 ரூபாய். 28 நாள் சுழற்சி என்றால் வருஷத்துக்கு 12 முறை அல்ல, 13 முறை வரும். ஆக 1,976 ரூபாய். விலையே ஏறாவிட்டாலும் 5 வருஷத்தில் 9,880.

கப்பில் பலர் எழுத மறப்பது ஆரம்பச் செலவு. முதல் இரண்டு மூன்று முறை சரியாக மடித்து வைக்கவும் உள்ளே விரிந்துவிட்டதா என்று பார்க்கவும் பழகும்வரை கசியும் என்பதால், பேடும் கூடவே ஓடும்: மூன்று முறைக்கு 456 ரூபாய். முதலில் வாங்கிய அளவு ஒத்துவராமல் இன்னொன்று வாங்கினால் கப்புக்கே 1,200. மொத்தம் 1,656 ரூபாய். இந்த மோசமான கணக்கிலும் பதினோராவது மாதவிடாயோடு போட்ட காசு திரும்பிவிடுகிறது. 5 வருஷத்துக்குப் பிரித்தால் வருஷம் சுமார் 331 ரூபாய். தினமும் பேன்டி லைனரும் வைப்பவர் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மிச்சம் குறையும்.

நான் 10 வருஷத்தை நம்பிக் கணக்கு போடுவதில்லை, காரணம் அடுப்பு. சுத்தம் செய்யக் கொதிக்கும் தண்ணீரில் கப்பைப் போட்டுவிட்டு போன் பேசப் போனேன். தண்ணீர் வற்றி, கப்பின் விளிம்பு பாத்திரத்தோடு ஒட்டிப் பழுப்பாகிவிட்டது. 600 ரூபாய் போச்சு. அதிலிருந்து முட்டை அடிக்கும் கம்பிக்குள் கப்பை வைத்துத்தான் கொதிக்கவிடுகிறேன், அடியில் படாது. கப் நிறம் மங்கினால் பரவாயில்லை. பிசுபிசுப்போ, வெள்ளைப் பொடி மாதிரி உதிர்வதோ, விளிம்பில் சின்னக் கிழிசலோ தெரிந்தால் எத்தனை வருஷமாயிருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

"துணி பேட் ஒன்று 250 ரூபாய். 6 வாங்கினால் போதும் என்கிறார்கள், போதுமா? காயப்போட பால்கனிதான் இருக்கிறது." (மயிலாப்பூர்)

மே மாதத்தில் 6 வைத்துத் தட்டுத்தடுமாறி ஓட்டலாம். ஐப்பசி மழையில் முடியாது. துணி பேட் செலவைத் தீர்மானிப்பது விலையைவிட, அது காய எடுக்கும் நேரம்தான். முதல் இரண்டு நாளும் தலா 5 மாற்றுகிறவருக்கு, காலையில் துவைத்தது மாலைக்குள் காய்ந்தால்கூட 8 வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் பால்கனிக் கொடியில் இரண்டு மூன்று நாள் ஆகும், அப்போது 14 இல்லாமல் நடக்காது. உள்ளே ஈரம் இருக்கும்போதே வைத்துக்கொண்டால் அரிப்பும் நாற்றமும்தான் மிச்சம்.

14 பேட் 3,500 ரூபாய். முதல் வருஷம் கடைப் பேடைவிட இதுதான் செலவு. 3 வருஷம் உழைத்தால் வருஷம் 1,167 ரூபாய், மேலே சொன்ன 1,976-ஐவிடக் குறைவு. ஆனால் நாலாவது வருஷம் புது செட் வாங்க வேண்டிவந்தால் அந்த வருஷக் கணக்கு மறுபடி எகிறும். அதனால் "5 வருஷத்தில் இவ்வளவு மிச்சம்" என்று யாராவது சொன்னால், இரண்டாவது செட்டைச் சேர்த்தார்களா என்று கேளுங்கள். ஆயுள் குறைவது பெரும்பாலும் நம் கையால்தான்: வெந்நீரில் ஊறப்போட்டால் கறை படிவதோடு கசிவைத் தடுக்கும் அடிப்படலமும் கெடும், துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் உறிஞ்சாது. பச்சைத் தண்ணீர், சாதா சோப்பு, வெயில் போதும். பேட் இன்னும் தாங்குமா என்று தெரிய, கால் டம்ளர் தண்ணீரை அதன் மேல் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். அடிப்பக்கம் நனைந்தால் அந்த பேட் முடிந்தது.

"ஜன் ஔஷதி கடையில் ஒரு ரூபாய் பேட் வாங்குகிறேன். எனக்கும் கப்தான் லாபமா?" (வியாசர்பாடி)

பணத்தை மட்டும் பார்த்தால் அவசரமே இல்லை. 19 பேட் வீதம் உங்களுக்கு வருஷத்துக்கு 247 ரூபாய்தான். 600 ரூபாய் கப் முதலிலேயே ஒத்துவந்தால்கூடக் காசு திரும்ப இரண்டரை வருஷம் ஆகும், இரண்டு கப் வாங்க நேர்ந்தால் கிட்டத்தட்ட 5 வருஷம். கடையில் சரக்கு இல்லாத மாதம் வெளியில் வாங்கும் பேடுக்கு என்ன ஆகிறது என்று மட்டும் எழுதிவையுங்கள்.

"காப்பர்-டி வைத்திருக்கிறேன், கப் வாங்கலாமா?" (அம்பத்தூர்)

வாங்குவதற்கு முன் அதைப் பொருத்திய டாக்டரிடம் கேளுங்கள். கப்பை எடுக்கும்போது உறிஞ்சு விசையில் காப்பர்-டி இடம் மாறவோ வெளியே வரவோ வாய்ப்பு இருக்கிறது. சரி என்று அவர் சொன்னாலும், காம்பை அப்படியே பிடித்து இழுக்காமல் கப்பின் அடியை அமுக்கிக் காற்றை உள்ளே விட்ட பிறகுதான் எடுக்க வேண்டும்.