மூன்றில் இரண்டு எதுவரை செல்லும்?

"நான் அட்டனில் உயர்தர வகுப்புக்கு அரசியல் கற்பிக்கிறேன். மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைத்தால் தமிழின் அரசகரும மொழி நிலையையும் எங்கள் வாக்குரிமையையும் நாடாளுமன்றம் நீக்கிவிடலாமா? இந்தியாவைப் போல அடிப்படைக் கட்டமைப்பு என்று இங்கு ஏதும் காக்காதா?"

இலங்கையின் அரசியலமைப்பில் இரண்டுக்கும் விடை வேறு. வாக்குரிமையை அப்படி நீக்க முடியாது. மொழியைப் பொறுத்தவரை பாதுகாப்பு நாம் எண்ணுவதைவிடப் பலவீனமானது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில், 13 நீதிபதிகளுள் எழுவரின் தீர்ப்பால், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் சிதைக்க முடியாது என்றது. நம் உயர் நீதிமன்றத்தில் 1987இல் பதின்மூன்றாம் திருத்தச் சட்டமூலம் ஆராயப்பட்டபோது, பிரதம நீதியரசர் சர்வானந்தா உள்ளிட்ட நால்வர் அக்கோட்பாட்டை இங்கு ஏற்கவில்லை. எதை எப்படித் திருத்தலாம் என்பதை 82ஆம், 83ஆம் உறுப்புரைகளே வகுத்துவிட்டன என்பது அவர்கள் காட்டிய காரணம். எனவே இங்கு திருத்தவே முடியாத பகுதி என்று ஒன்றில்லை; கடினமான வழி ஒன்று மட்டுமே உண்டு.

சாதாரணத் திருத்தத்துக்கு, சமுகமளிக்காதோரையும் சேர்த்த 225 உறுப்பினருள் 150 பேரின் வாக்கு போதும். 83ஆம் உறுப்புரை பெயர் குறித்தவற்றுக்கு அதற்கு மேல் மக்கள் தீர்ப்பும், அதாவது நாடு தழுவிய வாக்கெடுப்பும் வேண்டும். அந்தப் பட்டியலை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்: 1, 2, 3, 6 முதல் 11 வரை, அத்துடன் 83. தேசியக் கொடியும் தேசிய கீதமும் அதில் இருக்கின்றன. தமிழை அரசகரும மொழியாக்கும் 18ஆம் உறுப்புரை இல்லை. சமத்துவத்தைச் சொல்லும் 12ஆம் உறுப்புரையும் இல்லை. இந்த இடைவெளி மலையகத்தில் இன்னும் உரக்கப் பேசப்பட வேண்டியது என்பது என் உறுதியான கருத்து.

வாக்குரிமை தப்புவதற்குக் காரணம், மக்களின் இறைமை வாக்குரிமையையும் உள்ளடக்கும் என்று 3ஆம் உறுப்புரையே சொல்வதுதான். அடிப்படை உரிமைகளும் அதே வரியில் இருப்பதால், மொழியை நீக்கும் சட்டமூலம் வந்தால் அது 3ஐயே தொடுகிறது என்று வாதிட இடமுண்டு. பட்டியலில் இல்லாத 4ஆம் உறுப்புரையை 3உடன் சேர்த்து வாசித்தே, 2015இல் பத்தொன்பதாம் திருத்தத்தின் சில பிரிவுகளுக்கு மக்கள் தீர்ப்பு வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது, அப்பிரிவுகள் கைவிடப்பட்டன.

ஆனால் வாக்கை நேராகப் பறிக்காமல் குடியுரிமை வழியாகப் பறிக்கலாம் என்பதை மலையகத்தின் நம் பாட்டன்மார் அறிவார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் அதைத்தான் செய்தன. அப்போதைய அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டத்தைத் தடுத்திருந்தும், 1953இல் கோடாக்கன் பிள்ளை வழக்கில், அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில் அச்சட்டங்கள் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது காலம். சபாநாயகர் சான்றுரைத்த பின், 80(3)இன்படி எந்த நீதிமன்றமும் ஒரு சட்டத்தின் செல்லுபடியை ஆராய முடியாது. ஆகவே சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றதும், அரசியலமைப்பு அனுமதிக்கும் குறுகிய காலத்துக்குள், எந்தக் குடிமகனும் 121ஆம் உறுப்புரையின் கீழ் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். வர்த்தமானியில் வந்த வாசகத்தோடு நின்றுவிடவும் கூடாது. 2017இல் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம், மனுக் காலம் முடிந்த பின் வரும் நாடாளுமன்றக் குழுநிலையில் பெரிதும் மாற்றப்பட்டது. அந்தக் கட்டத்தில் நுழையும் வரிகளைத் தடுக்க மனுதாரருக்கு அநேகமாக நேரமே மிஞ்சுவதில்லை.