வாங்கும் முன் ஒரு வார்த்தை: கைப்பேசியிலேயே விளையாட்டு செய்யப் போகிறீர்களா?

மகன் படிவம் இரண்டு. நிரல் எழுதாமலே கேம் செய்யும் செயலிக்கு ஆண்டுச் சந்தா 149 ரிங்கிட் கட்டச் சொல்லி அடம் பிடிக்கிறான். கட்டலாமா?
*தோட்டத்து அம்மா, சுங்கை சிப்புட்*

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. GDevelop என்று ஒன்று இருக்கிறது, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கிடைக்கும், இலவசமாகவே தொடங்கலாம். அதில் அவன் ஒரு சின்ன விளையாட்டைச் செய்யட்டும். மேலிருந்து ரப்பர் பால் சொட்டுகள் விழுகின்றன, மங்குக் கிண்ணத்தை விரலால் நகர்த்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். செய்து முடித்ததும் அது வேறொருவர் கைப்பேசியில் ஓடுகிறதா என்று பாருங்கள். gd.games இணைப்பாக அனுப்பினால் உங்கள் தங்கை வீட்டிலேயே திறந்து பார்க்கலாம். இந்த அளவுக்கு வந்த பிறகும் அவனுக்கு ஆசை குறையவில்லை என்றால் சந்தாவைப் பற்றிப் பேசுவோம்.

அதே மாதிரி ஒரு விளையாட்டு செய்தேன். ஒரு சொட்டைப் பிடித்தால் 1 புள்ளிதான் வர வேண்டும், ஆனால் 40 ஏறுகிறது. செயலி கோளாறு, பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
*தம்பி ஒருவர், குவாலா கங்சார்*

கேட்காதீர்கள் தம்பி, கோளாறு உங்கள் பக்கம். விளையாட்டு ஒரு வினாடிக்கு 60 தடவை உங்கள் நிபந்தனைகளைச் சரிபார்க்கிறது. "சொட்டு மங்கைத் தொடுகிறதா?" என்ற Collision நிபந்தனை, தொட்ட அந்த ஒரு கணம் மட்டுமல்ல, தொட்டுக்கொண்டிருக்கும் வரை ஆம் என்றே சொல்லும். உங்கள் மங்கு 140 பிக்சல் உயரம், சொட்டு 60, வேகம் வினாடிக்கு 300 பிக்சல் என்று வையுங்கள். சொட்டு மங்கைக் கடக்க 200 பிக்சல் போக வேண்டும், அதற்கு ஏறத்தாழ முக்கால் வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் 40 தடவை கேட்டு 40 புள்ளி கொடுத்துவிடும். புள்ளி சேர்க்கும் செயலுக்கு அடுத்து, பிடித்த சொட்டையே Delete செய்யும் செயலைச் சேருங்கள். சொட்டு போய்விட்டால் தொடவும் ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் செயல்படச் சொல்லும் Trigger once while true நிபந்தனையைப் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் முதல் சொட்டு இன்னும் தொட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்து பட்டால் அதற்குப் புள்ளி கிடைக்காது.

அப்புறம், பிடிக்காமல் விட்ட சொட்டுகள் திரைக்குக் கீழே போனாலும் விழுந்துகொண்டேதான் இருக்கும். அரை வினாடிக்கு ஒன்று விழுந்தால் நிமிடத்துக்கு 120. கொஞ்ச நேரத்தில் கைப்பேசி சூடாகி, விளையாட்டு திக்கித் திக்கி ஓடும். திரை உயரம் 1280 என்றால், சொட்டு மேலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று காட்டும் Y அதைத் தாண்டியதும் அழி என்று ஒரு விதி போடுங்கள். செயலியைத் திட்டும் முன் இதையெல்லாம் பார்க்கக் கூடாதா?

சந்தா கட்டி மூன்று மாதம் உழைத்தேன். இப்போது விளையாட்டை வெளியே எடுக்க இன்னும் மேல்நிலைத் திட்டம் வாங்கு என்கிறது.
*ஏமாந்தவர், தைப்பிங்*

உங்கள் வலி எனக்குத் தெரியும். நானும் இதே குழியில் விழுந்தவன்தான். ஒரு செயலியில் ஆண்டுச் சந்தா கட்டி, லயத்து வீடுகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆசையாகச் செய்தேன். சந்தா முடிந்த அன்று என் சொந்த விளையாட்டையே திறக்க முடியவில்லை. படம், ஓசை, விதிகள் எல்லாம் அந்தச் செயலிக்குள் மட்டுமே இருந்தன. இதுதான் என் பழைய எரிச்சல். செய்வதற்கு இலவசம் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள், வெளியே கொண்டுபோகக் காசு என்பதை ஓர் ஓரத்தில் வைப்பார்கள். அதனால் பணம் கட்டும் முன் இரண்டை மட்டும் சோதியுங்கள்: விளையாட்டை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவும் APK கோப்பாகவோ இணைப்பாகவோ எடுக்க முடிகிறதா, சந்தா நின்றால் வேலை யாரிடம் இருக்கும். கூகுள் பிளே வழியாக வாங்கினால் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதைத் தாண்டியதால் செயலியை உருவாக்கியவருக்கே எழுதுங்கள், விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள்.

எங்கள் ஊரில் ஒருவர் 250 ரிங்கிட் வாங்கி, மகள் செய்த கேமை இரண்டே நாளில் பிளே ஸ்டோரில் ஏற்றுவதாக எழுதிக் கொடுத்தார். ஒரு மாதமாகிவிட்டது.
*அப்பா ஒருவர், பத்து காஜா*

இரண்டு நாள் என்பதே பொய் ஐயா. பிளே ஸ்டோரில் செயலி வெளியிடப் புதிதாகத் திறக்கும் தனிநபர் கணக்குக்கு 25 அமெரிக்க டாலர் ஒரே முறை கட்ட வேண்டும். அது முடிந்த பிறகும், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருந்தால்தான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும். எழுதிக் கொடுத்த தாளும் பணம் கொடுத்த ரசீதும் இருக்கிறதல்லவா? மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள், கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. கூச்சப்பட வேண்டாம், ஏமாற்றியவர் அவர்.

செயலியை அழித்துவிட்டேன், ஆனாலும் மாதம் பணம் போகிறதே?

அழிப்பது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பக்கத்துக்குப் போய் இன்றே நிறுத்துங்கள்.

கேம் செய்ய எந்தப் புதுக் கைப்பேசி வாங்கலாம்?

கையில் இருப்பது போதும்.