தண்ணீர் மேல் பிடித்த வாயு: சில கேள்விகள், சில பதில்கள்

மெக்னீசியம் நாடாவை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, வரும் ஹைட்ரஜனைத் தண்ணீர் நிரம்பிய அளவுக் குழாயில் பிடித்தோம். எடுத்த நாடா 0.040 கிராம், பிடித்த வாயு 42.2 மி.லி. கணக்கில் மெக்னீசியத்தின் அணு நிறை 23.5 என்று வருகிறது, 24.3 வரவில்லை. தராசுதான் தப்பா?

தராசை விட்டுவிடுங்கள். அன்றைய காற்றழுத்தம் 756 மி.மீ. பாதரசம், வெப்பநிலை 27°C என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 756-ஐ அப்படியே ஹைட்ரஜனின் அழுத்தமாக எடுத்துக்கொண்டீர்கள். குழாய்க்குள் ஹைட்ரஜன் தனியாக இல்லை. தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் வாயு, நீராவியால் தெவிட்டிப்போய்விடும். 27°C-இல் அந்த நீராவியின் அழுத்தம் 26.7 மி.மீ. டால்டன் விதிப்படி மொத்த அழுத்தம் என்பது இரண்டின் பகுதி அழுத்தங்களின் கூடுதல். ஆக ஹைட்ரஜனின் பங்கு 756 − 26.7 = 729.3 மி.மீ., அதாவது 0.960 வளிமண்டலம்.

இனி வழக்கமான கணக்குதான்:

n = PV/RT = (0.960 × 0.0422) / (0.0821 × 300) = 0.001645 மோல்

ஒரு மெக்னீசியம் அணுவுக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு வருவதால், 0.040-ஐ இதனால் வகுத்தால் 24.3. நீராவியை மறந்ததால் மோல் எண்ணிக்கை ஏறத்தாழ 3.7 சதவீதம் கூடிப்போய், அணு நிறை அந்த அளவுக்கு இறங்கிவிட்டது. உங்கள் செய்முறையில் குறையே இல்லை. இவ்வளவு நெருக்கமான விடை எங்கள் வகுப்பில் யாருக்கும் வந்ததாக நினைவில்லை.

அழுத்தத்தில் நீராவியைக் கழித்துவிட்டோம். சரி, 42.2 மி.லி.-யிலும் நீராவிக்கு உரிய பங்கைக் கழிக்க வேண்டாமா?

வேண்டாம், கழித்தால் ஒரே திருத்தத்தை இரண்டு முறை செய்ததாகிவிடும். குழாய்க்குள் ஹைட்ரஜனுக்கு ஒரு மூலை, நீராவிக்கு ஒரு மூலை என்று பாகப்பிரிவினை கிடையாது. ஹைட்ரஜன் 42.2 மி.லி. முழுவதிலும் 729.3 மி.மீ. அழுத்தத்தோடு இருக்கிறது, நீராவியும் அதே 42.2 மி.லி. முழுவதிலும் 26.7 மி.மீ. அழுத்தத்தோடு இருக்கிறது. கனஅளவு பொது, அழுத்தம்தான் பங்கு.

ஹைட்ரஜன் நிறையச் சேரச் சேர நீராவி அழுத்தம் குறையாதா?

குறையாது. இடம் கூடினால் அதை நிரப்பக் கீழேயிருந்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகும். நீராவி அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே: 25°C-இல் 23.8 மி.மீ., 30°C-இல் 31.8 மி.மீ. வெப்பநிலையை அலட்சியமாகக் குறிக்கக் கூடாது என்பதும் இதனால்தான். இந்த வினை வெப்பத்தை வெளிவிடுவது. குமிழி நின்றதும் அளவைப் படித்தால் சூடான வாயுவைப் படிக்கிறீர்கள். ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். மட்டம் நகர்ந்திருந்தால் இன்னும் ஆறவில்லை.

குழாய்க்குள் தண்ணீர் மட்டம் வெளியே இருப்பதைவிட 6.8 செ.மீ. உயரத்தில் நின்றால்? அது கணக்கில் வருமா?

வரும். உள்ளே மட்டம் உயர்ந்திருக்கிறது என்றால் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடக் குறைவு. ஆனால் 68 மி.மீ.-ஐ அப்படியே கழித்துவிடாதீர்கள். அது தண்ணீர்க் கம்பம், பாதரசம் அல்ல. பாதரசம் 13.6 மடங்கு அடர்த்தி என்பதால் 68 / 13.6 = 5 மி.மீ. காற்றழுத்தத்திலிருந்து முதலில் இந்த 5, அப்புறம் நீராவி அழுத்தம், இரண்டையும் கழிக்க வேண்டும். இதைவிட எளிது, ஆழமான ஜாடியில் குழாயை இறக்கி உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாகும்படி பிடித்துக்கொண்டு கனஅளவைப் படிப்பது. அப்போது இந்தத் திருத்தமே தேவையில்லை.

கார்பன் டைஆக்சைடையும் இதே முறையில் அளக்கலாமா?

சேகரிக்கலாம், நம்பி அளக்க முடியாது. 25°C-இல் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 0.8 லிட்டர் கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும். அம்மோனியா பக்கமே போகாதீர்கள். கரைகிற வேகத்தில் தண்ணீர் போக்குக் குழாய் வழியாக வினைக் குடுவைக்குள் ஏறிவிடும்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சூடாக்கி ஆக்சிஜன் எடுக்கும்போது முதல் குமிழிகளைக் காற்று என்று விட்டுவிடச் சொன்னார்கள். கனஅளவு அளக்கும்போதும் அப்படியா?

எரியும் குச்சியைக் காட்டிச் சோதிக்கத்தான் சுத்தமான ஆக்சிஜன் வேண்டும், அதற்கு விட்டுவிடுங்கள். எவ்வளவு வாயு உண்டானது என்று அளப்பதாக இருந்தால் முதல் குமிழியிலிருந்தே பிடிக்க வேண்டும். வெளியே தள்ளப்பட்ட காற்றுக்குச் சமமான ஆக்சிஜன் சோதனைக் குழாய்க்குள் தங்கியிருக்கும். ஆனால் முதலில் போக்குக் குழாயின் நுனியை வாயுவுக்குள் நிறுத்தி, பிறகு அடுப்பை அணைத்து, எல்லாம் ஆறிய பிறகே அளவைப் படியுங்கள். நுனி தண்ணீருக்குள் இருந்தால் ஆறும்போது தண்ணீர் பின்னோக்கி ஏறி, சூடான குழாய் விரிசல் விடும்.