கிளிநொச்சியில் வீடு கட்டும் சேமிப்பு: டொலரிலா, ரூபாயிலா?

"கட்டாரில் வேலை, சில வருடங்களில் கிளிநொச்சிக்குத் திரும்பி வீடு கட்டுவேன். சேமிப்பை டொலரில் வைக்கவா, கூடிய வட்டிக்கு ரூபாயில் போடவா?"

வீட்டுக்கான பணத்தை டொலரிலேயே வைத்திருங்கள், தம்பி. 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்கு ஏறியபோது, 20 இலட்சம் ரூபாயை வைப்பிலிட்டிருந்தவரின் பத்தாயிரம் டொலர் பெறுமதி சுமார் 5,500 ஆகச் சுருங்கியது. அந்தச் சில மாத வட்டி அதை ஈடுசெய்யவில்லை.

செலவு ரூபாயில்தானே என்று நினைப்பீர்கள். ஆனால் கம்பியும் சீமெந்தும் டொலரோடு சேர்ந்தே விலை ஏறுபவை, மேசன் கூலிதான் சற்றுப் பிந்தி ஏறும். 2023இல் ரூபாய் ஓரளவு மீண்டதால், டொலரை வைத்திருந்தவருக்கும் அந்த ஆண்டு இழப்பு இருந்தது. ஆகவே அத்திவாரம் வெட்டும் நாள் உறுதியானதும், அடுத்த சில மாதக் கூலிக்கும் பொருட்களுக்கும் வேண்டியதை மட்டும் ரூபாயாக மாற்றி, மிகுதியை இலங்கை வங்கியொன்றின் வெளிநாட்டு நாணயக் கணக்கில் விடுங்கள்.