தங்கம் ஏறும்போது நகைக்கடைப் பங்கு: லாபம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பவுன் விலை ஏறினால் மக்கள் வாங்குவது குறையும்தானே? நகைக்கடைக் கம்பெனிகளின் லாபமும் பங்கு விலையும் மட்டும் எப்படி ஏறுகின்றன? இப்போது அந்தப் பங்குகளை வாங்கலாமா?

பதில்: இன்று ஷோரூமில் விற்கும் சங்கிலி சில மாதங்களுக்கு முன்பு வாங்கிய தங்கத்தில் செய்தது. விடை அதில்தான் இருக்கிறது.

கணக்குக்காக, கிராம் 9,000 ரூபாய் இருந்தபோது கடை ஒரு பவுன் தங்கத்தை 72,000 ரூபாய்க்கு வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். சேதாரம் 10 சதவீதம். விலை மாறாமல் இருந்தால் கடைக்கு மிஞ்சுவது 7,200 ரூபாய். பட்டறைக் கூலி, வாடகை, சம்பளம் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். விற்பதற்குள் கிராம் 9,900 ஆகிவிட்டால், பில்லில் தங்கம் 79,200, சேதாரம் 7,920. அடக்கம் அதே 72,000தான். மிஞ்சுவது 15,120 ரூபாய், அதாவது இரு மடங்குக்கும் மேல். வாடகையும் சம்பளமும் உடனே ஏறுவதில்லை. அதனால் விற்கும் பவுன் கொஞ்சம் குறைந்தாலும் அந்தக் காலாண்டு லாபம் பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் பங்கு விலையும் ஓடுகிறது.

ஆனால் கடைக்காரர் அதே பவுனைத் திரும்ப வாங்க இப்போது 79,200 வேண்டும். விலை அங்கேயே நின்றால் அடுத்த சங்கிலியில் மிஞ்சுவது 7,920 மட்டுமே. பழைய இருப்பு தீர்ந்ததும் அந்தக் கூடுதல் லாபமும் தீர்ந்துவிடும். அதற்குள் வந்த பணத்தில் பெரும்பகுதி மறுபடி தங்கமாகி லாக்கருக்குள் போயிருக்கும். லாபம் ஏறியும் கம்பெனியின் கடன் கூடுவது இதனால்தான்.

எல்லாக் கடைக்கும் இந்த லாபம் கிடைக்காது என்பதையும் கவனியுங்கள். வங்கியிடம் தங்கத்தையே கடனாக வாங்கி, நகை விற்ற பிறகு அன்றைய விலைக்குக் கணக்குத் தீர்க்கும் கடைக்கு விலை ஏற்றத்தால் லாபமும் இல்லை, இறக்கத்தால் நஷ்டமும் இல்லை. சொந்தப் பணத்தில் வாங்கி, விலைப் பாதுகாப்பு இல்லாமல், அதாவது விலை மாற்றத்தை ஈடுகட்டும் எதிர் ஒப்பந்தம் எதுவும் போடாமல் வைத்திருக்கும் இருப்புக்குத்தான் இந்த ஏற்றம், இறக்கம் இரண்டும். 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் சுங்க வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. கூடுதல் வரி கட்டி வாங்கிய இருப்பின் மதிப்பு சட்டென்று இறங்கியது. சர்வதேச விலைக்குப் பாதுகாப்பு எடுத்திருந்தாலும் வரிக் குறைப்பு அதில் அடங்காது என்பதால், தனிஷ்க் கடைகளை நடத்தும் டைட்டன்கூட அந்தக் காலாண்டில் இந்த இருப்புக்கு நஷ்டக் கணக்கு எழுத வேண்டியிருந்தது.

என் கருத்தைக் கேட்டால், காலாண்டு லாபத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். விற்பனை ரூபாயில் ஏறியதா, கிராமிலும் ஏறியதா என்று முடிவுகள் அறிக்கையில் தேடுங்கள். இருப்பில் எத்தனை சதவீதத்துக்கு விலைப் பாதுகாப்பு இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் ஆண்டறிக்கையில் இடர் மேலாண்மைப் பகுதியில் சொல்லியிருப்பார்கள். கிராம் குறைந்து, பாதுகாப்பும் சொற்பமாக இருந்து, லாபம் மட்டும் எகிறியிருந்தால், அந்த லாபத்தை வருடம் முழுவதற்கும் பெருக்கிப் பங்குக்கு விலை கொடுக்க வேண்டாம்.